சரிந்த மூட்டை வரிசையும் மூன்றாம் பிரிவும்: தொழிற்சட்ட வினாத்தாள் ஒன்றில் நான் கற்றது

கொழும்பில் பகலில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ் மொழிமூலம் தொழிற்சட்டப் பாடத்தைப் படித்த நான், முதல் முறை தோற்றியபோது, வேலையில் காயமடைந்தவருக்கான நட்டஈடு பற்றிய வினாவில்தான் புள்ளிகளை இழந்தேன். தொழில்தருநர் கவனக்குறைவாக நடந்தாரா என்பதை நிறுவுவதற்கே இரண்டு பக்கங்களைச் செலவிட்டிருந்தேன். திருத்திய விரிவுரையாளர் பின்னர் என்னை அழைத்து, "தம்பி, அந்தக் கட்டளைச்சட்டத்தில் கவனக்குறைவு என்ற கேள்வியே இல்லையே, நீங்கள் யாருக்குப் பதில் எழுதினீர்கள்?" என்று கேட்டார். இரண்டாம் முறை அதே பாடத்துக்கு ஆயத்தமானபோது நான் எனக்காக உருவாக்கிப் பயிற்சி செய்த ஒரு வினாவையும், அதற்கு விடை எழுதிய முறையையும் இங்கே பகிர்கிறேன்.

வினா இதுதான். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மாதச் சம்பளத்துக்கு மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர், மதிய உணவு இடைவேளையில் கை கழுவுவதற்காகக் களஞ்சியத்தின் பின்வழியே செல்கிறார். அங்கே அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் சரிந்து விழுந்து அவரது முழங்கால் நிரந்தரமாகப் பாதிக்கப்படுகிறது. அவ்வழியே செல்லக்கூடாது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவித்தல் பலகை தொங்குகிறது. அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். அவருடைய சம்பளம் 25,000 ரூபாய், மேலதிக நேரக் கொடுப்பனவு 6,000 ரூபாய், அத்துடன் கடையில் மதிய உணவும் உண்டு. விபத்து 2026ஆம் ஆண்டில் நடக்கிறது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தொழிலிலிருந்து எழுந்ததும் தொழிலின்போது நேர்ந்ததுமான விபத்தினால் வேலையாளுக்கு உடற்காயம் ஏற்பட்டால் தொழில்தருநர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்கிறது. தொழில்தருநரின் குற்றம் அங்கே நிபந்தனையல்ல. வேலையாளின் சாதாரணக் கவனப்பிசகும் உரிமையைப் பறிக்காது. ஆனால் "தொழிலிலிருந்து எழுந்தது", "தொழிலின்போது நேர்ந்தது" என்பவை இரண்டு வெவ்வேறு தேவைகள் என்பதால், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால் விடை குழம்பிவிடும். தொழிலின்போது என்பது நேரத்தையும் இடத்தையும் பற்றிய கேள்வி. இடைவேளையிலும் அவர் கடை வளவுக்குள்தான் இருந்தார். உண்பதும் கை கழுவுவதும் வேலைநாளோடு ஒட்டிய செயல்கள். ஆகவே தொடர்பு அறுபடவில்லை. தொழிலிலிருந்து என்பது காரணத்தைப் பற்றிய கேள்வி. மூட்டை சரிவது அந்தக் களஞ்சியத்துக்கே உரிய ஆபத்து என்பதையும், தொழில் அவரைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் அந்த ஆபத்து இருந்தது என்பதையும் எழுத வேண்டும். அதே இடத்தில் அவர் முன்பே இருந்த நோயினால் மயங்கி விழுந்து, வேலையும் இடமும் அதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை என்றால், "தொழிலிலிருந்து எழுந்தது" என்ற தேவை தோற்றுவிடும். நேரமும் இடமும் மட்டும் அவரைக் காப்பாற்றா.

அறிவித்தல் பலகைதான் இந்த வினாவின் முடிச்சு. மரணம் நேராத காயங்களில், பாதுகாப்புக்காக வெளிப்படையாக இடப்பட்ட கட்டளையை வேலையாள் வேண்டுமென்றே மீறியதே விபத்துக்கு நேரடிக் காரணமாயின், தொழில்தருநர் அதை எதிர்வாதமாக முன்வைக்கலாம். "வேண்டுமென்றே" என்ற சொல்லில்தான் முழுப் பாரமும் இருக்கிறது. வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட கட்டளையை ஒருவர் வேண்டுமென்றே மீறினார் என்று சொல்வது கடினம். மேற்பார்வையாளர் அதை வாயால் விளக்கியிருந்தார் என்று வினாவில் ஒரு வரி சேர்ந்தால் நிலைமை மாறிவிடும். புறக்கோட்டையில் மலையகத்திலிருந்து வந்து சுமை தூக்குவோரை நினைத்துக்கொண்டு வாசித்தபோதுதான் இந்த நுணுக்கம் எனக்கு உண்மையில் விளங்கியது.

இதையொட்டிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு, 1914இல் வெளியான பிளம் எதிர் கொப்டன் மாவு ஆலை வழக்கு. மூட்டை அடுக்கிய தொழிலாளி, சுழலும் தண்டில் கயிற்றைச் சுற்றி மூட்டையை மேலே இழுக்க முயன்று கையைச் சிக்க வைத்துக்கொண்டார். தொழில் கோராத ஓர் ஆபத்தை அவரே சேர்த்துக்கொண்டார் என்பதால் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அவருக்கு நட்டஈடு கொடுக்கவில்லை. நம்முடைய நாட்டாமை நடந்து சென்றாரே தவிர, புதிய ஆபத்து எதையும் உண்டாக்கவில்லை; இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதற்கே அந்தத் தீர்ப்பு பயன்பட வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் விபத்து நடந்ததாக வினா அமைந்தால், பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பயணத்தையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிட்டது.

அடுத்தது தொகை. கட்டளைச்சட்டத்தின் அட்டவணையில் பெயர் குறிப்பிடப்படாத காயமாயின், உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் விகிதமே அளவுகோல். அவருடைய சம்பள வகுப்புக்கு முழுமையான நிரந்தர இயலாமைக்கான தொகை 10 இலட்சம் ரூபாய் என்று வினாவில் தரப்பட்டு, இழப்பு 20 சதவீதம் என்று வைத்தியர் மதிப்பிட்டிருந்தால், நட்டஈடு 2 இலட்சம் ரூபாய். சம்பள வகுப்பைத் தீர்மானிக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள், ஏனெனில் "சம்பளம்" ஒவ்வொரு சட்டத்திலும் வெவ்வேறு பொருளில் வருகிறது. நட்டஈட்டுக்குப் பணமாக மதிப்பிடக்கூடிய நன்மைகளும் சம்பளத்தில் அடங்கும் என்பதால் மதிய உணவைச் சேர்க்க வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவை விலக்கும் சொல் அங்கே இல்லை. சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் பங்கு வெளியே நிற்கும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் உணவின் பெறுமதி உழைப்பூதியத்துக்குள் வருகிறது, மேலதிக நேரம் வருவதில்லை.

குறைந்தபட்சச் சம்பளத்தில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 25,000உம் 6,000உம் கூட்டினால் 31,000 வருவதால், 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 30,000 ரூபாய் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் நிறைவேறிவிட்டதாகத் தோன்றும். மேலதிக நேரம் கூடுதல் உழைப்புக்கான விலை என்பதால் அது அந்தக் குறையை நிரப்பாது. மாதம் 5,000 ரூபாய் நிலுவை நிற்கிறது. சம்பளச் சபை அந்தத் தொழிலுக்கு இதைவிட உயர்ந்த தொகையை நிர்ணயித்திருந்தால் அந்த உயர்ந்த தொகையே பொருந்தும். 30,000 ரூபாயை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சேமலாப நிதிக்குத் தொழில்தருநரின் 12 சதவீதம் 3,600, ஊழியரின் 8 சதவீதம் 2,400, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் தனியே செலுத்தும் 3 சதவீதம் 900 ரூபாய். சம்பளத்திலிருந்து 2,400 ரூபாய் மட்டுமே கழிக்கலாம். தொழில்தருநரின் பங்கையும் ஊழியரிடமே கழித்துக்கொண்டு, 24,000 ரூபாயைக் கையில் கொடுப்பது சட்ட விரோதம்.

வினாவின் கடைசி வரியில், கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கே சென்று 50,000 ரூபாயைக் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதிய தாளில் கைரேகை வாங்கியதாக நான் சேர்த்திருந்தேன். நட்டஈட்டு உரிமையைக் கைவிடும் உடன்படிக்கை செல்லாது என்று கட்டளைச்சட்டமே கூறுவதால், அந்தத் தாளில் கைரேகை வைத்திருந்தாலும் நாட்டாமை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். அவர் இறந்திருந்தால் விடை மேலும் கடுமையாகும்: அப்போது தொகையை ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும், அவரது உழைப்பில் தங்கியிருந்தவர்களின் கையில் நேரே கொடுத்த பணம் நட்டஈட்டுக் கொடுப்பனவாகக் கருதப்படாது.