ஆரஞ்சு சிஃபான் கேக்: சேலத்தில் மூன்று, ஏற்காட்டில் இரண்டு

முதல் கேக், டின்னைக் கவிழ்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பொத்தென்று தட்டில் விழுந்தது. ஓவனிலிருந்து எடுத்தபோது டின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் உயரம் எழும்பி நின்ற கேக் அது. வெட்டிப் பார்த்தால் அடை மாதிரி அமுங்கிப் போயிருந்தது. காரணம், டின்னுக்கு நான் தடவியிருந்த வெண்ணெய். எந்தக் கேக்குக்கும் வெண்ணெய் தடவி மாவு தூவிப் பழகிய கை. சிஃபானுக்கு மட்டும் அதைச் செய்யவே கூடாது.

வெண்ணெய் போட்டுச் செய்யும் கேக்கில், ஆற ஆற உள்ளே இருக்கும் வெண்ணெயும் இறுகிக் கேக்கைத் தாங்கும். சிஃபானில் போடுவது எண்ணெய். அது ஆறினாலும் எண்ணெயாகவேதான் இருக்கும். அதனால் பாரம் முழுக்க வெள்ளைக்கரு நுரையின் மேலும் கொஞ்சம் மாவின் மேலும்தான். சூடு இருக்கும்வரை அந்த நுரைச் சுவர்கள் இளசாக இருக்கின்றன. நிமிர்த்தி வைத்தால் கேக் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். கவிழ்த்து வைத்தால் அதே எடை கேக்கை அமுக்காமல் இழுத்துப் பிடிக்கிறது, ஆறி இறுகும்வரை. ஆனால் தொங்குவதற்குப் பிடிமானம் வேண்டுமே? டின்னின் வெறும் அலுமினியச் சுவர்தான் அந்தப் பிடிமானம். மாவு ஓவனில் அதைப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறது, வெளியே வந்ததும் அதைப் பிடித்துத்தான் தொங்குகிறது. நான்ஸ்டிக் டின்னும் இந்தக் காரணத்தால்தான் ஆகாது.

எண்ணெய் ஊற்றி இப்படி ஒரு கேக் செய்யலாம் என்று 1927-இல் கண்டுபிடித்தவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஹாரி பேக்கர். இருபது வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, 1947-இல் ஜெனரல் மில்ஸுக்கு விற்றார்.

நான் வைத்திருப்பது 20 செ.மீ. அகலம், நடுவில் குழாய், அடித்தட்டு தனியாகக் கழன்றுவரும் டின். அதற்கு என் அளவு இது: 5 முட்டை, மைதா 85 கிராம், சோள மாவு 15 கிராம், மஞ்சள் கருவோடு சேர்க்கச் சர்க்கரை 30 கிராம், வெள்ளைக்கருவுக்கு 80 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 60 மி.லி., ஆரஞ்சுச் சாறு 80 மி.லி., துருவிய ஆரஞ்சுத் தோல், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். ஆரஞ்சு, ஏற்காட்டிலிருந்து அக்கா கொடுத்தனுப்பியது. முட்டை நாமக்கல்லிலிருந்து பக்கத்துக் கடைக்கு வருவது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே உடைத்தால் மஞ்சள் கரு கலங்காமல் பிரியும். மஞ்சள் ஒரு பொட்டு கலந்தாலும் வெள்ளைக்கரு சரியாக நுரைக்காது.

இரண்டாவது கேக் விழவில்லை. ஆனால் வெட்டினால் அடியில் அரை அங்குலத்துக்கு ரப்பர் மாதிரி ஒரு மஞ்சள் பட்டை. மாவு வேகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். குச்சி விட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. அப்புறம்தான் புரிந்தது, மடித்துக் கலந்ததில் தவறு. நுரை அமுங்கிவிடுமோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். கிண்ணத்தின் அடியில் மஞ்சள் கருக் கலவை அப்படியே தங்கிவிட்டது. அதை வழித்து ஊற்றியதும் கனமாக டின்னின் அடிக்கு இறங்கிவிட்டது.

மூன்றாவது தடவை கலப்பதில் மட்டும் கவனம் வைத்தேன். வெள்ளைக்கருவில் எலுமிச்சைச் சாறு விட்டு, நுரை வெள்ளையாகத் திரண்டதும் சர்க்கரையை மூன்று தடவையாகப் போட்டு அடித்தேன். பீட்டரைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நிற்க வேண்டும், நுரையில் பளபளப்பும் இருக்க வேண்டும். பளபளப்புப் போய்ப் பஞ்சுப் பஞ்சாகப் பிரிந்தால் அடித்தது அதிகம். அந்த நுரை எப்படிக் கலந்தாலும் திட்டுத் திட்டாக நிற்கும். நுரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து மஞ்சள் கருக் கலவையில் போட்டு, தயங்காமல் விஸ்க்கால் கலந்தேன். அந்தப் பங்கு அமுங்கினால் பரவாயில்லை. கனமான கலவையை நுரையின் பக்கம் கொண்டுவருவதுதான் அதன் வேலை. பிறகு இளகிய அந்தக் கலவை முழுவதையும் நுரைக் கிண்ணத்திலேயே ஊற்றி, ஸ்பாட்டுலாவை நடுவில் இறக்கி, அடியை வழித்து, ஓரமாக மேலே கொண்டுவந்து கவிழ்த்தேன். ஒவ்வொரு தடவையும் இடது கை கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 35 தடவை. வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. ஸ்பாட்டுலாவிலிருந்து நாடா மாதிரி விழுந்த மாவு, மேலேயே ஒரு கணம் நின்று மெதுவாகக் கரைந்தது.

ஓவனில் 160 டிகிரி, 50 நிமிடம். மேலே வெடிப்பு விழுவது இந்தக் கேக்கின் இயல்பு. அந்த வெடிப்புக்குள் ஈரப் பளபளப்பு மறையும்வரை எடுக்கக் கூடாது. எடுத்த கையோடு, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் டின் குழாயைச் சொருகிக் கவிழ்த்தேன். வெறும் பாட்டில் ஆடும், தண்ணீர் இருந்தால் ஆடாது.

"இப்படியே எவ்வளவு நேரம் தொங்கும்?" என்று அம்மா இரண்டு தடவை வந்து பார்த்தார். சேலத்து வெயிலில் முழுக்க ஆற இரண்டரை மணி நேரம் ஆயிற்று. டின் அடியைத் தொட்டால் துளிகூட வெதுவெதுப்பு இருக்கக் கூடாது. மெல்லிய கத்தியைச் சுவரோடு அழுத்தி ஒரு சுற்று, குழாயைச் சுற்றி ஒன்று, அடித்தட்டுக்கு ஒன்று. விரலால் அமுக்கினால் புஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தத்தோடு மேலே வந்தது. கேக் ஒன்பது செ.மீ. உயரம் நின்றது.

அதே அளவை அப்படியே எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி அக்கா வீட்டில் செய்தேன். ஓவனில் மளமளவென்று எழும்பி, வேகும்போதே நடுவில் குழிந்தது. உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் நுரைக் குமிழிகள் சூட்டில் இன்னும் அதிகமாக விரிகின்றன. மாவு வெந்து இறுகுவதற்குள் சுவர் மெலிந்து உடைந்துவிடுகிறது.

"நல்லாத்தானே அடிச்சே, அப்புறம் என்ன?" என்றாள் அக்கா. நன்றாக அடித்ததுதான் அங்கே தப்பு. மறுநாள் பேக்கிங் பவுடரை அறவே விட்டுவிட்டேன். வெள்ளைக்கருவை முனை வளைந்து தொங்கும்போதே நிறுத்தினேன், அது ஓவனில் விரிய இடம் வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று சர்க்கரையில் ஒரு டேபிள்ஸ்பூன் குறைத்து, சூட்டை 170-க்கு ஏற்றினேன். குழியவில்லை. ஓட்டைகள் சிறுத்தன, உயரம் எட்டரை செ.மீ. குளிர் இருந்ததால் ஒன்றரை மணி நேரத்தில் ஆறியும்விட்டது.

அடுத்து ஏஞ்சல் ஃபுட் கேக்கை மலையில் செய்ய வேண்டும். அதில் மஞ்சள் கருவும் இல்லை, எண்ணெயும் இல்லை, வெள்ளைக்கரு மட்டும் பத்து. மிஞ்சும் பத்து மஞ்சள் கருவுக்குக் கஸ்டர்ட் என்று அக்கா இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.