காற்றின் வேகத்தைத் திறனாக மாற்றும்போது

காற்றாலை அமைக்கும் இடங்களில் முதலில் மாஸ்ட் என்ற உயரமான கம்பம் நட்டு, காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் மாட்டி, 10 நிமிடத்துக்கு ஒரு சராசரி வேகம் என்று ஓராண்டுக்காவது பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து “இங்கே எவ்வளவு திறன் இருக்கிறது” என்று சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. கல்லூரியில் சமவாய்ப்பு மாறியின் சார்பு என்று ஒரு பாடம் வரும். X-இன் நிகழ்தகவு அடர்த்தி கொடுத்திருக்கும், Y = X³-இன் அடர்த்தியைக் கண்டுபிடி, பிறகு சராசரியும் பரவற்படியும் சொல் என்று கேட்பார்கள். என் மேஜைக்கு தினமும் வருவது அந்தக் கணக்கேதான். X காற்றின் வேகம், Y அதன் கனம். காற்றடர்த்தியில் பாதியால், அதாவது 0.6125-ஆல், Y-ஐப் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் வழியாகப் பாயும் திறன் வாட்டில் கிடைத்துவிடும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. போன சீசனில் வந்த தம்பியும் அதையே கேட்டார். “அக்கா, சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டர். 6-இன் கனம் 216. அதை 0.6125-ஆல் பெருக்கினால் 132 வாட். இதற்கு எதற்கு அடர்த்தி எல்லாம்?” நல்ல கேள்வி. சராசரியின் கனமும் கனத்தின் சராசரியும் ஒன்றல்ல என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எவ்வளவு வித்தியாசம், ஏன் என்று தெரிய வேண்டுமானால் கணக்கில் இறங்க வேண்டும். சரி, காகிதத்தை எடுங்கள் என்றேன்.

வேகத்தை V என்று வைத்து, அதற்கு ராலே பரவலை எடுத்துக்கொண்டோம். சராசரி வேகம் மட்டும் கையில் இருக்கும்போது இந்தத் துறையில் வழக்கமாகத் தொடங்கும் இடம் அது.

P(V ≤ v) = 1 − exp(−(v/c)²)

c என்பது பரவல் எவ்வளவு அகலம் என்று சொல்லும் எண். சராசரி 6 என்றால் அது சுமார் 6.77. இனி Y = V³. நான் எப்போதும் பரவல் சார்பிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன், அடர்த்தியிலிருந்து அல்ல. Y ஒரு y-ஐத் தாண்டாமல் இருப்பதும் V அந்த y-இன் கனமூலத்தைத் தாண்டாமல் இருப்பதும் ஒரே நிகழ்ச்சி. ஆகவே v இருக்கும் இடத்தில் கனமூலத்தை வைத்தாலே போதும்.

P(Y ≤ y) = 1 − exp(−y^(2/3)/c²)

இதை வகையிட்டால் அடர்த்தி வந்துவிடும்.

f(y) = (2/(3c²)) · y^(−1/3) · exp(−y^(2/3)/c²)

தம்பி நேரே அடர்த்தியிலிருந்து தொடங்கியிருந்தார். V-இன் அடர்த்தியில் v-க்குப் பதில் கனமூலத்தைப் போட்டு, அதுதான் Y-இன் அடர்த்தி என்று எழுதிவிட்டார். கனமூலத்தின் வகைக்கெழுவால் பெருக்கும் படி விடுபட்டுவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரடி சோதனை இருக்கிறது: வளைவரையின் கீழே உள்ள பரப்பைப் பாருங்கள். 1 வர வேண்டிய இடத்தில் அவருக்கு 137-க்கு மேல் வந்தது. அந்த எண்ணும் தற்செயலானதல்ல. விடுபட்ட வகைக்கெழு இல்லாமல் தொகையிட்டால் 3V²-இன் சராசரிதான் கிடைக்கும், அது 3c². பரவல் சார்பு வழியாக வந்தால் இந்தத் தவறு நடக்க இடமே இல்லை, ஏனென்றால் வகையிடும்போது அந்தப் பெருக்கல் தானாக வந்துவிடுகிறது.

சரியான வளைவரையை வரைந்ததும் அவருக்கு அடுத்த சந்தேகம். “இது 0-க்குப் பக்கத்தில் வானத்துக்குப் போகிறதே, எங்கேயோ தப்பு.” தப்பில்லை. வேகத்தின் அடர்த்தி 0-இல் 0-தான், ஆனால் கனத்தின் அடர்த்தி அங்கே எல்லையில்லாமல் உயர்கிறது. காரணத்தை எண்ணில் பார்த்தால் விளங்கும். வேகம் 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்க வாய்ப்பு 2 சதவீதம் சொச்சம். அந்த 2 சதவீதமும் Y-இல் 0 முதல் 1 வரை உள்ள ஒரே ஓர் அலகில் அடைகிறது. வேகம் 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்க வாய்ப்பு 11 சதவீதத்துக்கு மேல். ஆனால் அது 216 முதல் 343 வரை 127 அலகுகளில் பரவுகிறது, அலகுக்கு 0.1 சதவீதம்கூட இல்லை. கனம் எடுப்பது சிறிய வேகங்களை நெருக்கிப் பெரிய வேகங்களை இழுத்து விரிக்கிறது. அடர்த்தி ஓரிடத்தில் எல்லையில்லாமல் உயரலாம், பரப்பு 1 ஆக இருந்தால் போதும்.

இனி சராசரி. இதற்கு மேலே கண்டுபிடித்த f(y) தேவையே இல்லை. y·f(y)-ஐத் தொகையிடுவதும் v³-ஐ V-இன் அடர்த்தியோடு தொகையிடுவதும் ஒரே விடையைத் தரும், இரண்டாவது சுலபம். ராலே பரவலில் V-இன் n-ஆம் படியின் சராசரி cⁿ·Γ(1 + n/2). ஆகவே E(V³) = 1.329c³, E(V⁶) = 6c⁶. சராசரி வேகத்தின் கனத்தோடு ஒப்பிட்டால் முதலாவது 6/π மடங்கு, அதாவது 1.91 மடங்கு. 216 வரும் என்று நினைத்த இடத்தில் 413 வருகிறது. திறனில் சொன்னால் 132 வாட் அல்ல, சதுர மீட்டருக்கு 253 வாட். கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்தக் கூடுதல் முழுக்க வேகம் ஏறி இறங்குவதால் வருவது. காற்று எப்போதும் 6-லேயே நின்றிருந்தால் 132தான்.

பரவற்படி, 6c⁶-இலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்தது. திட்ட விலக்கம் 391 வாட் வரும், சராசரியை விடவே பெரியது. இதைப் பார்த்ததும் “253-க்கு மேலும் கீழும் 391” என்று அறிக்கையில் எழுதப் பலர் கை துடிக்கும். எழுதக் கூடாது, திறன் எதிர்க்குறியில் போகாது. இந்த இடத்தில்தான் அடர்த்தியும் பரவல் சார்பும் உதவுகின்றன. பரவல் சார்பில் பார்த்தால் 70 சதவீத நேரம் திறன் தன் சராசரியை விடக் குறைவாகவே இருக்கிறது. நடுமதிப்பு வெறும் 110 வாட். மீதி 30 சதவீத நேரம், நொடிக்கு 7.4 மீட்டரைத் தாண்டி அடிக்கும் காற்றுதான் சராசரியைத் தூக்கி நிறுத்துகிறது. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் படிப்பவருக்கு இது தெரியாது.

இயற்கணிதம் சரிதானா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சின்ன நிரல் இது. ராலே என்பது வடிவ எண் 2 உள்ள வைபுல் பரவல்தான், அதனால் நிரலில் weibull என்று இருக்கிறது.

```python
import numpy as np
c = 6 / (np.pi**0.5 / 2)
v = c * np.random.weibull(2, 1_000_000)
q = 0.6125 * v**3
print(q.mean(), q.std(), np.median(q))
```

253, 391, 110 என்ற எண்களை ஒட்டி விடை வர வேண்டும். வராவிட்டால் காகிதத்துக்குத் திரும்புங்கள். 0.6125 என்பது 15 டிகிரி வெப்பத்தில் கடல் மட்டக் காற்றடர்த்தியான 1.225-இல் பாதி. நம் ஊர் 30 டிகிரியில் அது சுமார் 1.16-ஆகக் குறையும், எல்லா விடையும் அதே விகிதத்தில் இறங்கும்.

இதுவரை காற்றில் இருக்கும் திறன். மின்சாரமாகக் கிடைக்கும் திறன் வேறு, அங்கே கணக்கின் குணமே மாறுகிறது. ஓர் எந்திரம் 3 மீட்டர் வேகத்துக்குக் கீழே சுற்றாது, 12-ஐத் தொட்டதும் முழுத் திறனில் நின்றுவிடும், 25-க்கு மேல் பாதுகாப்புக்காக நிறுத்திவிடுவார்கள் என்று வையுங்கள். 3-க்குக் கீழே திறன் மாறாமல் 0. அந்த நேரம் 18 சதவீதம். 12-க்கு மேல் திறன் மாறாமல் முழு அளவு, அது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். (25-ஐத் தாண்டும் வாய்ப்பு இந்தப் பரவலில் பத்து லட்சத்தில் ஒன்றை ஒட்டியது, விட்டுவிடலாம்.) சார்பு சமதளமாக இருக்கும் இடங்களில் வகைக்கெழு 0, அதனால் வகுக்கச் சொல்லும் சூத்திரம் அங்கே செல்லாது. அந்த 18 சதவீதம் 0 என்ற ஒரே புள்ளியில் கட்டியாக உட்காரும், 4 சதவீதம் முழுத் திறனில் உட்காரும். நடுவில் மட்டும்தான் அடர்த்தி உண்டு. அடர்த்தியை மட்டும் தொகையிட்டால் 0.78 வரும். அந்த 0.78-ஐப் பார்த்து, பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் 0.78-ஆல் வகுத்து 1 ஆக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் எந்திரம் நிற்கும் நேரம் முழுவதும் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

இங்கே நான் சொல்லித்தரும் வழி வேறு. திறன் g-ஐத் தாண்டும் வாய்ப்பை எழுதி, 0-இலிருந்து முழுத் திறன் வரை தொகையிட்டால் அதுவே சராசரி. அதை 2g-ஆல் பெருக்கித் தொகையிட்டால் வர்க்கத்தின் சராசரி. கட்டிகள் இருந்தாலும் இந்த வழி பிசகாது, அடர்த்தியைத் தொடவே வேண்டாம். நடுவில் திறன் 0-இலிருந்து முழு அளவு வரை வேகத்தின் கனத்தோடு நேராக ஏறுகிறது என்று எடுத்தால், சராசரி முழுத் திறனில் 20 சதவீதம், திட்ட விலக்கம் 27 சதவீதம் வந்தது. உண்மையான எந்திரத்தின் வளைவரை உற்பத்தியாளர் தரும் அட்டவணையில் இருக்கும், முறை இதேதான்.

அப்புறம், ராலே என்ற அனுமானம். ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அடிப்பதும் மற்ற மாதங்களில் அடிப்பதும் ஒரே காற்று போலவே இருக்காது. விளக்கத்துக்காகத் தம்பியிடம் 5 மாதம் சராசரி 9, 7 மாதம் சராசரி 4 என்று வைக்கச் சொன்னேன். ஆண்டுச் சராசரி 6.08. ஒரே ராலேயாக எடுத்தால் 263 வாட். இரண்டு பருவத்துக்கும் தனித்தனி ராலே வைத்து, மாதக் கணக்கில் எடையிட்டால் 399 வாட். ஆண்டுச் சராசரி வேகம் ஒன்றுதான், விடை ஒன்றரை மடங்கு. பருவத்துக்குள் காற்று சீராக வீசினால் 1.91 என்ற பெருக்கு எண்ணும் குறையும். வைபுல் பரவலில் வடிவ எண் 2-க்குப் பதில் 3 என்றால் அது 1.40தான். அதனால் மாஸ்ட் பதிவை மாதவாரியாகப் பிரித்துப் பொருத்திப் பார்க்காமல் நாங்கள் எண் கொடுப்பதில்லை.

பருவங்களைச் சேர்க்கும்போது சராசரிகளை எடையிட்டுக் கூட்டலாம். தம்பி பரவற்படிகளையும் அப்படியே எடையிட்டுக் கூட்டி, திட்ட விலக்கம் 857 வாட் என்றார். கூட்ட வேண்டியது வர்க்கங்களின் சராசரிகளை. கூட்டிய பிறகுதான் மொத்தச் சராசரியின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் 938 வரும். பருவக்காற்றின் சராசரித் திறன் 850 வாட்டுக்கு மேல், மற்ற மாதங்களில் 75 வாட். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் பரவற்படியில் சேர வேண்டியது, 857-இல் அது இல்லை.