ஒன்பது நிமிஷ பில்லும் ஒரு "பெரும்பாலும்"மும்

சர்வர் விழுந்தா கிளையண்ட்டுக்கு என்ன எழுதணும்ங்கிறது எங்க டீம்ல எல்லாருக்கும் மனப்பாடம். என்ன நடந்துச்சு, யாருக்கு பாதிப்பு, இப்போ நீங்க என்ன பண்ணணும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். அன்னிக்கும் அதையேதான் பண்ணினேன், ஒண்ணும் விடல. ஆனாலும் கடைக்கார அண்ணாச்சி ஒருத்தர் போன்ல கேட்டதும் நான் சொன்ன பதிலும் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

மெடிக்கல் ஷாப் பில்லிங் சாஃப்ட்வேர். மெயின் டேட்டாபேஸ் ஒண்ணு, அதுல ஏறுறதை எல்லாம் அப்பப்போ காப்பி எடுத்துக்கிற ரெப்ளிகா ஒண்ணு. அன்னிக்கு 11.14க்கு ரெண்டுக்கும் நடுவுல இருந்த கனெக்ஷன் அறுந்துடுச்சு, மெயின் மட்டும் வழக்கம்போல பில் வாங்கிட்டே இருந்துச்சு, கடைக்காரங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. கனெக்ஷன் பத்து நிமிஷம் இல்லைன்னாத்தான் எங்களுக்கு அலர்ட் அடிக்கும், ஒன்பதாவது நிமிஷத்துலயே, 11.23க்கு, மெயினோட டிஸ்க் போயிடுச்சு. அதாவது அந்த ஒன்பது நிமிஷத்துல போட்ட பில் எல்லாம் கஸ்டமர் கையில பேப்பரா இருக்கு, கடை பிரிண்டர்ல வந்த காப்பியா இருக்கு, ரெப்ளிகாவுல மட்டும் இல்ல.

முதல் மெசேஜ் 11.31க்கு போச்சு, வாட்ஸப்லயும் எஸ்எம்எஸ்லயும். சாஃப்ட்வேருக்குள்ளயே ஒரு நோட்டீஸ் பெட்டி இருக்கு, ஆனா சாஃப்ட்வேரே படுத்திருக்கும்போது அதை யாரு பாக்கிறது. (2017 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசானோட எஸ்3 விழுந்தப்ப அவங்க ஸ்டேட்டஸ் பக்கமே எஸ்3யை நம்பி இருந்ததால கொஞ்ச நேரம் அதை அப்டேட் பண்ண முடியாம ட்விட்டர்ல சொன்னாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே அப்படி.) "சர்வர் நின்னுடுச்சு, காரணம் தேடுறோம், மேனுவல் பில் புக்ல தனி சீரிஸ்ல பில் போடுங்க, யுபிஐல பணம் வந்து பில் வரலைன்னா மறுபடி பணம் வாங்காதீங்க, 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பரை எழுதி வைங்க, அடுத்த தகவல் 12 மணிக்கு." இதுல யாருக்கும் கருத்து வேறுபாடு இல்ல.

சண்டை ரெண்டாவது மெசேஜ்லதான். பன்னிரண்டு மணிக்குள்ள ரெப்ளிகாவை மெயினா மாத்தி ஓபன் பண்ணிடலாம்னு முடிவாயிடுச்சு, ஏன்னா டிஸ்க் எப்போ வரும்னு ஸ்டோரேஜ் ஆளுங்களால சொல்ல முடியல, கடைகள்ல கூட்டம் நிக்குது. ஆனா ரெப்ளிகாவுக்கு 11.14 வரைக்கும்தான் ஞாபகம். அப்படியே திறந்தா, ஏற்கனவே ஒரு கஸ்டமர் கையில இருக்கிற அதே பில் நம்பரை இன்னொருத்தருக்கும் அது குடுத்துடும். ஜிஎஸ்டில பில் நம்பர் வரிசையா இருக்கணும், ஒரு நிதியாண்டுல ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாது. அதனால திறக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கடைக்கும் நம்பரை இருநூறு முன்னாடி தள்ளினோம். நடுவுல விழுற ஓட்டையை என்ன பண்றதுன்னு ஆடிட்டர் கேப்பார், ஜிஎஸ்டிஆர்-1ல எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரை, அதுல எத்தனை கேன்சல்னு ஒரு டேபிளே இருக்கு. அதையும் சொல்லணும்.

மேனேஜர் சொன்னது இதுதான்: "டிஸ்க் திரும்ப வந்துட்டா ஒரு பில் கூட போகல. பெரும்பாலும் வந்துடும்னுதான் நம்ம இன்ஜினியர் பையன் சொல்றான். அப்புறம் எதுக்கு ஒன்பது நிமிஷம் காணோம்னு எழுதி ஊரைக் கூட்டணும்? சிஸ்டம் ரெடி, பில் போடுங்கன்னு போடு."

அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, அது எனக்கு அப்பவே தெரியும். ஆனா கடைக்காரர் சிஸ்டத்தை திறப்பார், காலையில போட்ட பில்லு இருக்காது, சரி போச்சுன்னு நினைச்சு கையில இருக்கிற காப்பியை வச்சு திரும்ப அடிப்பார். சாயங்காலம் டிஸ்க் வந்து நாங்க பழசை உள்ள சேர்த்தா ஒரே விற்பனை ரெண்டு தடவை ஏறும், ஸ்டாக்கும் ரெண்டு தடவை குறையும். ஷெல்ஃப்ல மருந்து இருக்கும், சிஸ்டம் இல்லைன்னு சொல்லும். அதனால "திரும்ப அடிக்காதீங்க"ன்னு சொல்லியே ஆகணும். எதை திரும்ப அடிக்கக்கூடாதுன்னு சொல்லணும்னா எது காணோம்னு சொல்லணும்ல? அடுத்து என்ன பண்ணணும்னு தெளிவா சொல்லிட்டு உண்மையை மட்டும் பூசி மெழுக வழியே இல்ல, ரெண்டும் ஒட்டிக்கிட்டு வரும். இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, உன் பேர்ல போகட்டும்"னாரு. போச்சு:

"12.05 தகவல். பில்லிங் இப்போ வேலை செய்யும். 11.14ல இருந்து 11.23 வரை போட்ட பில்கள் சிஸ்டத்துல இப்போ தெரியாது. அவை திரும்பக் கிடைக்குமா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. அந்த பில்களின் காப்பியைப் பத்திரமாக வைக்கவும். நாங்கள் சொல்லும் வரை திரும்ப அடிக்க வேண்டாம். பில் நம்பர் 200 தள்ளி ஆரம்பிக்கும், ஆடிட்டருக்கு எங்கள் கடிதம் வரும். அடுத்த தகவல் 3 மணிக்கு, புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும்."

இன்னிக்கு படிச்சாலும் இதுல ஒரு வரியையும் மாத்த மாட்டேன்னு தோணுது. சில நாள் ஒரே ஒரு வரியை மாத்தணும்னு தோணுது.

அஞ்சே நிமிஷத்துல அண்ணாச்சி போன். திருநெல்வேலி பக்கம் நாலு கடை, எங்ககிட்ட ரொம்ப வருஷமா இருக்கார். சத்தம் போடல.

"ஏம்மா, சுத்தி வளைக்காத. போச்சா, இருக்கா?"

"இப்போ ரெண்டுமே சொல்ல முடியல அண்ணாச்சி. டிஸ்க் வந்தா இருக்கு, வரலைன்னா காப்பிதான். மூணு மணிக்கு நானே கூப்பிட்டு சொல்றேன்."

"வருமா?"

"தெரியல அண்ணாச்சி."

கொஞ்சம் விட்டு, "பயப்படாதீய அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை உன் வாயில வரல பாத்தியா"ன்னாரு. வச்சுட்டாரு.

நான் நிதானமாத்தான் பேசினேன். இந்த வேலையில முதல்ல கத்துக்கிறதே அதுதான், எதிர்ல இருக்கிறவர் பதறும்போது நம்ம குரல் ஏறக்கூடாது, மன்னிப்பை அடுக்கக்கூடாது, தெரிஞ்சதையும் தெரியாததையும் தனித்தனியா வைக்கணும். ஆனா அந்த நிதானம் அவர் காதுக்கு இவளுக்கென்னன்னு கேட்டிருக்கு. அதைக்கூட விட்டுடலாம், குரல் விஷயம். என்னை அரிக்கிறது வேற. "தெரியல"ங்கிறது முழு உண்மையா? எங்க பையன் பெரும்பாலும் வந்துடும்னு சொன்னதை நானும் கேட்டேன், நானும் நம்பினேன். அவர் நேரா "வருமா"ன்னு கேட்டப்ப அதை எனக்குள்ளயே வச்சுக்கிட்டேன். மேனேஜர் கெட்ட செய்தியை மறைக்கப் பாத்தார்னா நான் நல்ல செய்தியை மறைச்சேன், ரெண்டுல எது பெரிசு?

இதுக்கு என்கிட்ட பதில் இருக்கு, பல தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்ட பதில். கடைக்காரர் காதுல "பெரும்பாலும்" விழவே விழாது, "வந்துடும்" மட்டும்தான் விழும். வரலைன்னா சாயங்காலம் அவர் கேக்கப்போறது "வந்துடும்னு சொன்னியே"ன்னுதான். அதுவும் பையன் எதை வச்சு சொன்னான்னு நான் கேக்கல, கேக்க நேரமும் இல்ல, அவன் அந்த நேரத்துல ரெப்ளிகாவோட மல்லுக்கட்டிட்டு இருந்தான். ஆதாரம் இல்லாத நம்பிக்கையை கிளையண்ட்டுக்கு விக்கக்கூடாது. சரியான பதில்தான்.

அப்புறம் அண்ணாச்சி என்ன பண்ணாருன்னு தெரிஞ்சது. பில்லை விட அவருக்கு பயம் ஹெச்1 ரிஜிஸ்டர் மேல. சில ஆன்டிபயாடிக், டிபி மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் ஷெட்யூல் ஹெச்1ல வரும், வித்தா டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எத்தனைன்னு தனி பதிவு வேணும், மூணு வருஷம் வச்சிருக்கணும், இன்ஸ்பெக்டர் வந்தா முதல்ல அதைத்தான் கேப்பார். அவர் கடையில அந்தப் பதிவு பில் போடும்போதே எங்க சாஃப்ட்வேர்ல ஏறிடும், பில் காப்பியில டாக்டர் பேர் முழுசா வராது. என் மெசேஜ்ல பில்லைப் பத்தித்தான் இருந்துச்சு, ஹெச்1 அதுக்குள்ள அடங்கும்னு எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரிஞ்சதாலதான் பதறினாரு. நாலு கடையிலயும் ஆளுக்கு ஒரு பையனை உக்கார வச்சு, காப்பியைப் பாத்து, போன் நம்பர் இருக்கிறவங்களுக்கு போன் போட்டு டாக்டர் சீட்டை வாட்ஸப்ல அனுப்பச் சொல்லி, பழைய நோட்டுல கையால எழுத வச்சிருக்கார். ஒரு வயசான அம்மாவுக்கு வாட்ஸப் கிடையாது, சீட்டை எடுத்துட்டு பஸ் ஏறி திரும்ப வந்திருக்காங்க.

மூணு மணிக்கு கூப்பிட்டேன், புதுசா ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். "சரிம்மா"ன்னு மட்டும் சொன்னாரு. ஆறு மணிக்கு மேல டிஸ்க் வந்துச்சு. ஒரு பில் பாக்கி இல்லாம, ஹெச்1 பதிவோட சேர்த்து எல்லாம் வந்துச்சு. ராத்திரி பழசை உள்ள சேர்த்தோம். காப்பியை மட்டும் வச்சுக்கிட்டு சும்மா இருந்தவங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. சொல்லியும் கேக்காம திரும்ப அடிச்ச சில கடைகளுக்கு டூப்ளிகேட்டை ஒவ்வொண்ணா கேன்சல் பண்ணிக் குடுத்தோம், பில் நேரத்தையும் தொகையையும் வச்சு ஜோடி பிடிச்சு. மெசேஜ் போடாம இருந்திருந்தா எல்லா கடைக்கும் அந்த வேலை வந்திருக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. மேனேஜரும் அதை ஒத்துக்கிட்டாரு.

ஆனா அந்த அம்மா பஸ் ஏறினது? "பெரும்பாலும் வந்துடும் அண்ணாச்சி, ஆறு மணி வரைக்கும் பொறுங்க"ன்னு நான் சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டாங்க. சரி, டிஸ்க் வராமப் போயிருந்தா? மறுநாள் சீட்டைத் தேடிப் பிடிக்கிறது இன்னும் கஷ்டம், அவர் அன்னிக்கே ஆளைப் பிடிச்சது புத்திசாலித்தனம்னு நாங்களே சொல்லியிருப்போம். வந்ததுனாலதான் வீண்னு ஆச்சு. இப்படி ரெண்டு பக்கமும் பேசிப் பாத்தா நான் சொன்னதுதான் சரின்னு வரும், ஆனா அவர் குரல் ஞாபகம் வந்தா அது நிக்காது.

அண்ணாச்சி எங்களை விட்டுப் போகல. இப்போ ஹெச்1 ரிஜிஸ்டரை தினமும் ராத்திரி பிரிண்ட் எடுத்து வச்சுக்கிறாராம், போன் பண்ணா பழையபடிதான் பேசுறார், நான் பேசினா மட்டும் "உறுதியாத் தெரிஞ்சா சொல்லும்மா"ன்னு ஒரு குத்தல் இருக்கும், சிரிச்சிக்கிட்டேதான்.

எங்க ஃபார்மேட்ல மேனேஜர் ஒரு வரி சேர்த்திருக்கார், "எங்கள் கணிப்பு"ன்னு. நான் அதுக்குப் பக்கத்துல "காரணம்"னு இன்னொரு கட்டம் போட வச்சேன், இன்ஜினியர் எதை வச்சு சொல்றார்னு எழுதினாத்தான் கணிப்பு வெளிய போகும். மேனேஜருக்கு இது பிடிக்கல. அன்னிக்கு அந்தக் காரணத்தை எழுதி வாங்க இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும், அண்ணாச்சி அஞ்சே நிமிஷத்துல கூப்பிட்டாரே, அப்போ என்ன சொல்லியிருப்பேன்னு கேக்கிறார். நியாயமான கேள்விதான்.