இருபதில் ஐந்து தவறு: ஜப்பானிய ‘தே’ வடிவத்தோடு மல்லுக்கட்டியது

என் அண்ணன் மகள் முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பான் போகத் தயாராகிறாள். தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் மொழி படிக்கிறாள். வீட்டுப்பாடமாக 20 வினைச்சொற்களை மரியாதையாகப் பேசும் ‘மஸ்’ வடிவத்திலிருந்து, நம் ‘செய்து’ போன்ற ‘தே’ வடிவத்துக்கு மாற்றியிருந்தாள். திரும்பி வந்த தாளில் ஐந்து சிவப்புப் பெருக்கல் குறிகள். சரியான விடை என்ன என்று ஒரு வரி கிடையாது. அடியில் மட்டும் ‘மனப்பாடம் போதாது’ என்று எழுதியிருந்தது.

விடையைக் கேட்டுவிடலாம் என்று பாபநாசத்திலிருந்து பஸ் ஏறிப் போனோம். “சார் விடுமுறை. விடைத்தாளெல்லாம் தருவதில்லை” என்றார் மேசையில் இருந்தவர். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். ஒரு காலத்தில் ஜப்பானியர்களோடு வேலை பார்த்த பழக்கத்தில், நானே தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (கீழே வரும் ஜப்பானியச் சொற்களில் க, த இரண்டையும் வல்லோசையாக வாசியுங்கள்; ‘ந்தே’, குதஸாய், தெகிமஸ் ஆகியவற்றில் மட்டும் த மென்மையாக ஒலிக்கும்.)

சரியானவற்றை ஒதுக்கிவிட்டுத் தவறுகளை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதினேன். ஒகிமஸ் (எழு) என்பதற்கு ஒஇதே, கரிமஸ் (இரவல் வாங்கு) என்பதற்குக் கத்தே, ஒரிமஸ் (இறங்கு) என்பதற்கு ஒத்தே, மிமஸ் (பார்) என்பதற்கு மிந்தே, இமஸ் (இரு) என்பதற்கு இத்தே. ஐந்திலும் ‘மஸ்’ஸுக்கு முன்னால் இகர ஓசை. மனப்பாடக் குறை என்றால் தவறுகள் இப்படி ஒரே இடத்தில் குவியாது.

உண்மையில் அவள் விதியை ஒழுங்காகவே போட்டிருந்தாள். ஜப்பானிய வினைகளை, வடிவம் மாறும் விதத்தை வைத்து வகைகளாகப் பிரிப்பார்கள். முதல் வகை வினைகளில் ‘கி’ இருந்தால் ‘இதே’ ஆகும்: ககிமஸ் (எழுது), கஇதே. ‘மி’ இருந்தால் ‘ந்தே’: நொமிமஸ் (குடி), நொந்தே. ‘ரி’ இருந்தால் ‘த்தே’: கஎரிமஸ் (திரும்பு), கஎத்தே. இவை மூன்றும் அவள் தாளில் சரி. இரண்டாம் வகைக்கு விதி இன்னும் சுலபம். ‘மஸ்’ஸை எடுத்துவிட்டுத் ‘தே’ போட்டால் முடிந்தது. நெமஸ் (தூங்கு), நெதே.

வகுப்பில் சொன்ன அடையாளம் ‘எகரம் வந்தால் இரண்டாம் வகை, இகரம் வந்தால் முதல் வகை’. முதல் பாதி நம்பத்தக்கது. இரண்டாவது பாதிதான் வில்லங்கம். இகரம் வந்தும் இரண்டாம் வகையில் இருக்கும் சொற்கள் உண்டு. அவள் விட்ட ஐந்தும் அவைதான். விடைகள் ஒகிதே, கரிதே, ஒரிதே, மிதே, இதே.

“பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது சித்தப்பா?” என்றாள். கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பதில். நம் ‘படி’யையே எடுத்துக்கொள், வாய்க்காலில் வண்டல் படிந்து, பிள்ளை பாடம் படித்து, சொல்லின் முகத்தைப் பார்த்து எது வரும் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியுமா என்றேன். ஒகிமஸ் அப்படித்தான். ‘எழு’ என்றால் ஒகிதே, ‘வை’ என்றால் ஒஇதே. படுத்திருக்கும் பாட்டியிடம் ‘ஒஇதே குதஸாய்’ என்றால் ‘எழுந்திருங்கள்’ ஆகாது, ‘வையுங்கள்’ என்றாகிவிடும். ஒத்தேயும் இன்னொரு ஒரிமஸ்ஸின் சரியான வடிவம்தான், பொருள் ‘மடித்து’.

அகராதி வடிவமோ எதிர்மறை வடிவமோ தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். ‘எழ மாட்டேன்’ ஒகினாய், ‘வைக்க மாட்டேன்’ ஒகனாய். ‘நாய்’க்கு முன் அகரம் வந்தால் முதல் வகை, இகரம் அப்படியே நின்றால் இரண்டாம் வகை. ஆனால் அவள் பாட வரிசையில் அந்த வடிவங்கள் ‘தே’வுக்குப் பிறகுதான் வருகின்றன. இப்போதைக்குப் பட்டியலைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடக்கப் பாடங்களில் மேலே சொன்ன ஐந்தோடு கிமஸ் (உடுத்து), அபிமஸ் (குளி), தரிமஸ் (போதுமாக இரு), தெகிமஸ் (முடி, இயலு) என்று இன்னும் சிலவே.

அந்தப் பட்டியலுக்காக மூலப்புத்தகத்தை ஒருவரிடம் இரவல் வாங்கிப் பிரித்தபோதுதான் எரிச்சல் தலைக்கேறியது. ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் வகை எண் அச்சிட்டிருக்கிறது. மையம் கொடுத்த ஜெராக்ஸில் அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது! ஜெராக்ஸ் தாளில் படிப்பவர்கள் முதலில் ஓரத்தைப் பாருங்கள்.

மறுபடி வைத்த தேர்வில் இகர வினைகள் ஒன்றும் தப்பாகவில்லை. அகராதி வடிவம் வந்ததும் கதை தலைகீழாகும். ‘எரு’, ‘இரு’ என்று முடிபவற்றை எல்லாம் இரண்டாம் வகை என்று சொல்லித்தருவார்கள். கஎரு (திரும்பு), ஹஇரு (நுழை), ஷிரு (அறி) மூன்றும் முதல் வகை. அவற்றை இப்போதே அவள் நோட்டின் பின் அட்டையில் எழுதிவைத்துவிட்டேன்.