வெளிச்சம் வருகிறது, நிற்க மாட்டேன் என்கிறது

இந்த மாதமும் நிமித்தம், அதாவது பௌத்த மூச்சுத் தியானத்தில் மனம் குவியும்போது தெரியும் அந்த வெளிச்சம், நிற்கவில்லை. மூக்கு நுனியில் மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்தால், மனம் அடங்கியதும் மூடிய கண்ணுக்கு எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் கட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. ‘வந்துவிட்டது’ என்று கவனம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதுதான், கலைந்துவிடுகிறது. மறுபடி மூச்சு, மறுபடி மூட்டம்.

எல்லாம் மாறுவதைக் கவனிக்கும் விபாசனா தியானம் மட்டும் செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நானும் பர்மியத் துறவி மகாசி சயாதோவின் முறையில், வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனதுக்குள் குறித்துப் பழகியவன்தான். அங்கே வெளிச்சம் தெரிந்தால் ‘தெரிகிறது, தெரிகிறது’ என்று குறித்துவிட்டு, அது போனதும் வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். போகாமல் அடம்பிடித்தால் அதைச் சட்டை செய்யாமல் திரும்பிவிடலாம். விசுத்திமக்கம் என்ற பழைய பாலி நூல் விபாசனாவைக் கெடுக்கும் பத்து மாசுகளைச் சொல்கிறது. அதில் முதலாவதே ஒளிதான். வெளிச்சம் தன்னளவில் குற்றமில்லை. ‘இப்படி ஒன்று எனக்கு இதுவரை வந்ததே இல்லை, நான் கரையேறிவிட்டேன்’ என்று அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுதான் வினை.

மனதை ஒன்றிலேயே குவிக்கும் சமதத் தியானத்தில் கதை தலைகீழ். அதே நூல், மூச்சுத் தியானப் பகுதியில் அதே மாதிரி வெளிச்சத்தைப் பொத்திப் பொத்திக் காக்கச் சொல்கிறது. ஒருவருக்கு நட்சத்திரம் போல, இன்னொருவருக்கு முத்து போல, வேறொருவருக்குப் பஞ்சு பட்டது போல வருமாம். அவரவர் மனம் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒருமுகத்தின் வாசலான உபசார சமாதிக்கும், அங்கிருந்து மனம் முழுதாய் ஆழும் ஜானத்துக்கும் போக வேண்டும். ஒரு பாதையில் கடந்து போக வேண்டியது, இன்னொன்றில் ஏறிப் போக வேண்டியதாகிவிடுகிறது.

என் சிக்கல் இங்கேதான். குறித்துப் பழகிய மனம் எதைக் கண்டாலும் ‘இது என்ன, எப்படி மாறுகிறது’ என்று கிளறும். விபாசனாவுக்கு அந்தக் கிளறல்தான் உயிர், மாறுவது தெரியத் தெரியத்தான் அநித்தியம் புரியும். நிமித்தமோ கிளறினால் செத்துவிடும். அதன் நிறத்தைக் கவனிக்காதே, தன்மையை ஆராயாதே என்று நூலே எச்சரிக்கிறது.

இப்போதைக்குக் கை கொடுப்பது கண்ணைக் கண்காணிப்பது. வெளிச்சத்தைப் ‘பார்க்க’ ஆசை வந்தால் மூடிய இமைக்குள் விழிகள் மேலே செருகுகின்றன, புருவ நடுவில் ஒரு இறுக்கம் ஏறுகிறது. அந்த இறுக்கம் வந்தால், நான் மூச்சை விட்டு நகர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். விழிகளைத் தளர விட்டு, மேலுதட்டில் காற்று உரசும் இடத்துக்கே வந்துவிடுகிறேன். வெளிச்சம் தள்ளி நிற்கும் வரை அதைத் தொடக்கூடாது. மூச்சு உரசும் இடத்துக்கே அது வந்து, மூச்சைக் கவனிப்பதும் வெளிச்சத்தைக் கவனிப்பதும் ஒன்றே என்று ஆனபிறகுதான் அதற்கு மாற வேண்டும். பா-அவுக் என்ற பர்மியத் தியான மரபில் இதைக் கறாராகச் சொல்வார்கள். எனக்கு ஓரிரு முறை அப்படி ஒட்டியது. சந்தோஷப்பட்டேன், போய்விட்டது.

இன்னொரு தொல்லை, மூச்சே காணாமல் போவது. மற்றத் தியானப் பொருள்கள் கவனிக்கக் கவனிக்கத் தெளிவாகும், மூச்சு மட்டும் மெலியும். பதறி வேண்டுமென்றே பெரிதாக இழுத்தால் அதுவரை கட்டியதெல்லாம் போச்சு. மூச்சு இல்லாமல் போவது கருவில் இருப்பவருக்கும், நீரில் மூழ்கியவருக்கும், மூர்ச்சையானவருக்கும், செத்தவருக்கும், நான்காம் ஜானம் போன்ற உயர்நிலைகளில் இருப்பவருக்கும்தான், நீ அந்தக் கணக்கில் இல்லை, ஆகவே உரசும் இடத்திலேயே காத்திரு என்கிறது நூல். இதைப் படித்துச் சிரித்ததிலேயே பாதிப் பதற்றம் போயிற்று.

நிமித்தம் வந்ததாகச் சீடன் சொன்னால் குரு என்ன சொல்ல வேண்டும் என்பதில் பழைய ஆசிரியர்களுக்குள்ளேயே இரு கட்சி. புத்தரின் நெடிய உரைகளின் தொகுப்பான தீக நிகாயம் ஓதுகிறவர்கள், ‘இதுதான்’ என்றும் சொல்லாதே, ‘இல்லை’ என்றும் சொல்லாதே என்பார்கள். முன்னது சோம்பலில் தள்ளும், பின்னது சோர்வில் தள்ளும். நடுத்தர உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயம் ஓதுகிறவர்கள், ‘இதுதான், நல்லது’ என்று சொல்லிவிடு என்பார்கள். என் ஓட்டு முதல் கட்சிக்கு. சந்தோஷப்பட்டால் ஓடிப்போகிற சரக்கை வேறு எப்படிக் கையாள்வது?

சமதம் முதலிலா, விபாசனா முதலிலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் புத்தரின் சீடர் ஆனந்தர் இரண்டு வரிசையையும் ஒப்புக்கொள்கிறார், ஜோடியாகப் போவதையும் சேர்த்து. ஆனால் ஒரே அமர்வில் இரண்டையும் கலப்பது என் நிலைக்குத் தாங்காது. காலையில் மூச்சு, மாலையில் குறிப்பது என்று பிரித்துவிட்டேன்.

இதற்கிடையே, மண் வட்டு ஒன்றைப் பார்த்துத் தியானிக்கும் மண் கசிணத்திலும் கை வைக்கப் போகிறேன். வட்டு ஒரு சாணும் நாலு விரற்கடையும் அகலம். விடியல் நிற மண், நீலம் மஞ்சள் சிவப்பு வெள்ளை கலக்கக்கூடாது. இரண்டரை முழம் தள்ளி உட்கார வேண்டும். தட்டு தயார். மண்ணை வழவழவென்று பரப்புவதுதான் பெரும்பாடு, காய்ந்ததும் வெடிக்கிறது. வெடிக்காமல் பூசத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.