படுக்க வைத்த டிரம், ஐந்து அளவுகள், காணாமல் போன ஒரு வாளி

மூன்று வாரமாக என்னை உட்காரவிடாத கணக்கு நேற்று இரவு சரியாக வந்துவிட்டது. மாடித் தோட்டத்துக்குச் சொட்டுநீர் கொடுக்க, 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்றைப் படுக்கவாட்டில் வைத்திருக்கிறேன். உள்ளே குச்சியை விட்டு, நீர் எத்தனை செ.மீ. நிற்கிறது என்று பார்த்தால் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். அதற்கு, அளந்த புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் போகும் பல்லுறுப்புக் கோவையைத் தரும் இலக்ராஞ்சி சூத்திரத்தைக் கையில் எடுத்தேன்.

வட்ட உருளைக்குத்தான் நேரான சூத்திரம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதை வைத்துத்தான் முடிவைச் சரிபார்த்தேன். என் உண்மையான இலக்கு சித்தப்பா தோட்டத்தில் கிடக்கும் முட்டை வடிவத் தொட்டி. அதன் வளைவு எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காது. ஊற்றி அளந்த புள்ளிகள் மட்டும்தான் கிடைக்கும். அந்த முறையை எவ்வளவு நம்பலாம் என்பதை, விடை தெரிந்த ஒன்றில் முதலில் பார்த்துவிட நினைத்தேன்.

டிரம்மின் உள்விட்டம் 56 செ.மீ. ஆகவே 0, 14, 28, 42, 56 என்று ஐந்து உயரங்கள். அளவுகோலுக்கு ஹார்டுவேர் கடையில் வாங்கிய அலுமினியப் பட்டை. அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு நீரில் விட்டால் ஈரக்கோடு தெளிவாக நிற்கும். தேய்க்காவிட்டால் பட்டையை வெளியே எடுக்கும்போதே கோடு வழிந்துவிடும். இதில் கஞ்சத்தனம் கூடாது, ஏனென்றால் டிரம்மின் நடுவில் நீர்ப்பரப்பு அகலமாக இருப்பதால் ஒரு மி.மீ. தவறினாலே கிட்டத்தட்ட அரை லிட்டர் போய்விடும். டிரம் மட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்து இருமுறை பார்த்தேன். பத்து லிட்டர் வாளி, மிச்சத்துக்கு ஒரு லிட்டர் மக்கு என்று ஊற்றி எண்ணிக்கொண்டே போனதில் வந்த அளவுகள்: 0, 39, 100, 151, 190.

ஒரு டிரம்மில் 190 லிட்டர் என்பது நம்பக்கூடிய எண். அதனால் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஐந்து புள்ளிகளையும் சூத்திரத்தில் போட்டேன். 14 செ.மீ.யை ஓர் அலகாக வைத்துக்கொண்டால் (அதை s என்கிறேன்) ஐந்து உறுப்புகளின் கீழே வரும் பெருக்கல்கள் 24, −6, 4, −6, 24. ஒவ்வோர் உறுப்பின் மேலும் s⁴ ஒருமுறை வருகிறது. ஆகவே அளவுகளை இந்த எண்களால் வகுத்துக் கூட்டினாலே நான்காம் படியின் கெழு கிடைத்துவிடும்:

```
0/24 - 39/6 + 100/4 - 151/6 + 190/24 = 1.25
```

ஐந்து புள்ளிக்கு நான்காம் படி வருவது இயல்புதானே என்று மேலே போய்விட்டேன். ஒரு வாரம் கழித்து, தூக்கம் வராத ஒரு நேரத்தில்தான் பொறி தட்டியது: இந்த டிரம்மில் நான்காம் படி வரவே கூடாது!

காரணம் இதுதான். படுத்திருக்கும் உருளை மேலும் கீழும் ஒரே மாதிரி. கீழிருந்து 14 செ.மீ.க்கு எவ்வளவு நீரோ, மேலிருந்து 14 செ.மீ.க்கும் அவ்வளவு வெற்றிடம். ஆகவே புள்ளிகளின் வழியே போகும் வளைவை நடுப்புள்ளியைச் சுற்றி 180 பாகை திருப்பினால், அதுவும் அதே ஐந்து புள்ளிகள் வழியாகத்தான் போக வேண்டும். திருப்பிய வளைவின் படியும் நான்கைத் தாண்டாது. ஆனால் ஐந்து புள்ளிகள் வழியே படி நான்கைத் தாண்டாத பல்லுறுப்புக் கோவை ஒன்றே ஒன்றுதான் உண்டு. இரண்டு இருந்தால் அவற்றின் வித்தியாசம் ஐந்து இடங்களில் பூஜ்யமாகும். நான்காம் படிக் கோவைக்கு ஐந்து மூலங்கள் கிடையாது, ஆகவே வித்தியாசமே பூஜ்யம். அப்படியானால் திருப்பியதும் திருப்பாததும் ஒன்றே. நடுவைத் தொடக்கமாக வைத்துப் பார்த்தால், திருப்பினாலும் மாறாத வளைவில் இரட்டைப்படி உறுப்புகள் தங்காது. s⁴ தானாகவே அடிபட்டு, ஐந்து புள்ளிகளும் மூன்றாம் படிக் கோவை ஒன்றில் உட்கார வேண்டும்.

புள்ளிகளை விட ஒன்று குறைவு என்பது படியின் மேல்வரம்பு மட்டும்தான். உண்மைப் படி அதற்குக் கீழே எங்கேயும் நிற்கலாம். பாடத்தில் இதைப் படித்திருக்கிறேன், ஆனால் ஓர் அளவீட்டுத் தவறைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசித்ததே இல்லை. 1.25 என்ற அந்த எண், "எங்கேயோ தப்பாக அளந்திருக்கிறாய்" என்று முதல் நாளே சொல்லியிருக்கிறது.

சரி, எது தவறு? இங்கேதான் பத்து நாள் போனது. வேறுபாடுகளை எழுதிப் பார்த்தேன்: 39, 61, 51, 39. அப்புறம் 22, −10, −12. அடுத்து −32, −2. கடைசியில் 30. நான்காம் வேறுபாட்டில் நடுப்புள்ளி 6 மடங்காக வரும். 30 ஐ 6 ஆல் வகுத்தால் 5. ஆக நடுவில் 100 க்குப் பதில் 95 இருந்தால் எல்லாம் பூஜ்யமாகிவிடும்! கணக்கு அவ்வளவு அழகாக அமைந்ததால் நடு அளவுதான் தவறு என்று முடிவே கட்டிவிட்டேன். டிரம்மைக் காலி செய்து, 28 செ.மீ. வரை மறுபடி ஊற்றினேன். 100. இன்னொரு நாள் காலை வெயில் ஏறுமுன் மறுபடியும். 100 தான்.

பிறகுதான் 39 ஐக் கவனித்தேன். வட்டத்தில் கால் உயரத்துக்கு நிரம்பும் பங்கு 19.55 சதவீதம். மொத்தம் 190 என்றால் அங்கே 37 தான் வந்திருக்க வேண்டும். மொத்தம் 200 என்றால் 39.1. அப்படியானால் 39 சரி, 100 சரி, 190 தான் பொய். 28 க்கும் 42 க்கும் நடுவில் ஒரு வாளியை எண்ணாமல் விட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு அளவுகளும் பத்துப் பத்தாகக் குறைந்துவிட்டன. நேற்று ஒவ்வொரு வாளிக்கும் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டு மறுபடி ஊற்றினேன்: 0, 39, 100, 161, 200.

வேறுபாடுகள் 39, 61, 61, 39, அடுத்து 22, 0, −22, அடுத்து −22, −22, கடைசியில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் வந்த நிம்மதிக்கு அளவே இல்லை. கோவை இது:

```
V = (62/3)s + 22s² - (11/3)s³
```

ஒன்று நினைவில் வையுங்கள். படி குறைகிறதா என்ற சோதனை தவறு இருப்பதைச் சொல்லும். எந்த அளவில் தவறு என்பதைச் சொல்லாது. என் விஷயத்தில் 95 என்று திருத்தியிருந்தாலும் பூஜ்யம் வந்திருக்கும். அதைத் தீர்த்துவைத்தது வட்டத்தின் வடிவம். முட்டைத் தொட்டிக்கு அந்த உதவி கிடைக்காது, ஆகவே அங்கே எல்லா உயரங்களையும் இருமுறை அளப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அதுவும் மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதால் படிச் சோதனை அங்கும் செல்லும்.

கணக்குக்கு நான் வைத்திருப்பது இவ்வளவுதான்:

```python
from fractions import Fraction as F

def lagrange(xs, ys, x):
    total = F(0)
    for i in range(len(xs)):
        w = F(1)
        for j in range(len(xs)):
            if j != i:
                w *= F(x - xs[j]) / (xs[i] - xs[j])
        total += w * ys[i]
    return total
```

பின்னமாகவே வைத்திருப்பது வேண்டுமென்றேதான். தசமத்தில் ஓட்டினால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் குட்டி எச்சம் ஒன்று நிற்கும், அது தவறா உருட்டலா என்று தெரியாது. உள்ளே வரும் எடை w ஐயும் அச்சிட்டுப் பாருங்கள். 7 செ.மீ.க்கு எடைகள் 0.273, 1.094, −0.547, 0.219, −0.039. கூட்டினால் சரியாக 1 வர வேண்டும், வராவிட்டால் கழித்தலில் எங்கோ குறி மாறியிருக்கிறது. எதிர்மறை எடைகள் வந்தால் பதறத் தேவையில்லை, அது முறையின் இயல்பு. இந்த எடைகள் உயரங்களை மட்டுமே பொறுத்தவை. லிட்டர் அளவைத் திருத்தினாலும் மாறாது. அதனால் நான்கு முறை அளந்தபோதும் எடை அட்டவணையைத் தொடவே இல்லை.

7 செ.மீ.க்கு விடை 123/8, அதாவது 15.4 லிட்டர். வட்டச் சூத்திரப்படி 14.4. நடுப்பகுதியில், 21 செ.மீ.க்கு 68.1 வருகிறது, உண்மை 68.5. அங்கே எனக்குக் குறையே இல்லை. ஆனால் அடியில் 2.8 செ.மீ.க்கு 5.0 லிட்டர் என்கிறது. உண்மையில் இருப்பது 3.7 தான். மூன்றில் ஒரு பங்கு தவறு! நீர் தீரப்போகும் நேரத்தில்தான் இந்த அட்டவணை எனக்குத் தேவை, அங்கேதான் கைவிடுகிறது.

ஏன் என்று பார்த்தால், அடியில் நீர்ப்பரப்பு வெறும் கோடாகத் தொடங்குகிறது. முதல் சில மி.மீ.யில் ஏறக்குறைய ஒன்றுமே சேராது, பிறகு சட்டென்று அகலும். என் கோவையோ முதல் கணத்திலிருந்தே செ.மீ.க்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஏறுகிறது. புள்ளிகளைத் துல்லியமாகத் தொடுவது மட்டும்தான் இலக்ராஞ்சி தரும் உறுதி. இடையில் நடப்பதற்கு அது பொறுப்பல்ல, ஓரங்களில் இன்னும் இல்லை.

(பெயர் இலக்ராஞ்சிக்குப் போனாலும் எட்வர்ட் வாரிங் இதே சூத்திரத்தை 1779 இல் வெளியிட்டுவிட்டார், இலக்ராஞ்சி எழுதியது 1795 இல். இரண்டு பெயரும் நிலைத்திருக்கலாம் என்பது என் ஆசை.)

மருந்து, புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்காமல் ஓரங்களில் நெருக்கி வைப்பது. அதற்கான உயரங்களைத் தேடியபோது கிடைத்ததைப் பார்த்து அசந்துபோனேன். டிரம்மின் வட்ட முகப்பையே கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் 6, அப்புறம் 5, 4, 3, 2, 1, உச்சியில் 12. அந்த ஏழு எண்களும் நிற்கும் உயரங்கள்தான் நமக்கு வேண்டிய உயரங்கள்: 0, 3.75, 14, 28, 42, 52.25, 56. ஐந்தை ஏற்கெனவே அளந்தாயிற்று! புதிதாக இரண்டு போதும். வட்டச் சூத்திரத்தின் எண்களைப் போட்டு முன்கூட்டியே ஓட்டிப் பார்த்ததில், 2.8 செ.மீ.யில் தவறு ஒன்றேகால் லிட்டரிலிருந்து 0.1 ஆக இறங்குகிறது. நான் சோதித்த மற்ற உயரங்களில் எங்கும் கால் லிட்டரைத் தாண்டவில்லை. ஏழு புள்ளிக்கு ஆறாம் படிக்குப் பதில் ஐந்தாம் படிதான் வரும், அதே காரணத்தால். ஆகவே பூஜ்யமாக வர வேண்டிய ஆறாம் படிக் கெழு, தவறைக் காட்டிக்கொடுக்கும் காவல் எண்ணாகக் கையில் இருக்கும்.

இன்று காலை 3.75 செ.மீ. அளவு முடிந்தது. அரை லிட்டர் வரை குறித்த பழைய பால் அளவையால் ஊற்றினேன், 5.8 வந்தது. மேலே 52.25 க்கு இன்னும் போகவில்லை, செடிகளுக்கு நீர் விட்டதில் டிரம் பாதிக்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிரப்பும்போது அங்கே 194.2 வர வேண்டும்.