உயிர்க்கரி: மூன்று பாத்திகளில் செய்து பார்த்தது

கவாத்து செய்த குச்சிகளைக் குவித்து எரிக்காமல், கூம்பு வடிவக் குழியில் கரியாக்கி மண்ணில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைக் கடந்த இரண்டு பருவங்களாகச் செய்து பார்த்து வருகிறேன்.

நன்கு உலர்ந்த 40 கிலோ குச்சிகளை எடுத்துக்கொண்டேன். குழியின் அடியில் சிறு தீ மூட்டி, மேலடுக்கில் வெண்சாம்பல் படியத் தொடங்கியவுடன் அடுத்த அடுக்கைப் பரப்பினேன். மேலே எரியும் சுவாலை காற்றை உறிஞ்சிக்கொள்வதால் அடியில் உள்ள கரி எரியாமல் தங்குகிறது. சாம்பல் கனமாகப் படியும்வரை காத்திருந்தால் அந்த அளவுக்குக் கரி இழப்பாகும். கடைசி அடுக்கு கனன்றதும் நீர் ஊற்றி முழுவதும் அணைத்தேன். ஆறிய கரி ஒடித்தால் ‘சடக்’கென முறிந்தது, கையில் ஒட்டிய கருமையும் வெறும் நீரிலேயே போய்விட்டது. பிசுபிசுப்பு எஞ்சியிருந்தால் அது அரைகுறையாக வெந்த கரி.

அணைத்தவுடன் எடை போட்டது என் தவறு. நீரோடு சேர்ந்து 15 கிலோ காட்டியது, உலர்த்திய பின் 8 கிலோதான் நின்றது. குச்சியின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம், கரியில் முக்கால் பங்கு கரிமம் என்று கொண்டால், 20 கிலோ கரிமத்தில் 6 கிலோவே கையில் மிஞ்சியது, மீதி புகையாகவும் வளியாகவும் போனது. குச்சிகளை மக்கவிட்டிருந்தாலும் பெரும்பகுதி சில ஆண்டுகளில் காற்றுக்கே திரும்பியிருக்கும். கரியிலுள்ள பெரும்பங்கோ நூற்றாண்டுகள் நிலைக்கக்கூடியது. அந்த வேறுபாடே இந்த முயற்சிக்குப் பொருள் தருகிறது.

தலா 4 சதுர மீட்டர் கொண்ட மூன்று பாத்திகளில், முதலாவதில் 4 கிலோ கரியை அப்படியே கலந்தேன். இரண்டாவதில் அதே அளவு கரியை 20 கிலோ மக்கு உரத்துடன் ஈரமாகக் கலந்து ஒரு மாதம் ஊறவிட்டுச் சேர்த்தேன். மூன்றாவதில் 20 கிலோ மக்கு உரம் மட்டும்.

முதல் பாத்தியில் முள்ளங்கியின் அடியிலைகள் மூன்றாம் வாரத்திலேயே வெளிறின. கரியின் நுண்துளைகள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்வதும், அதன் காரத்தன்மையும் காரணங்களாக இருக்கலாம். ஏற்கெனவே காரமான மண்ணில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. நியாயமான ஒப்பீடு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே மட்டுமே: முதல் பருவத்தில் விளைச்சலில் வேறுபாடு தெரியவில்லை, ஆனால் நீர் பாய்ச்சிய மூன்றாம் நாள் விரலை விட்டுப் பார்த்தால் இரண்டாவதில் ஈரம் கூடுதலாக இருந்தது.

இரண்டாம் பருவத்தில் மூன்றாவது பாத்தி இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. இரண்டாவதிலும் மக்கு கரைந்திருந்தது, கரித்துண்டுகள் மட்டும் வேர்த்தூவிகள் சுற்றிய நிலையில் அப்படியே கிடந்தன. எனவே இரண்டுக்கும் புதிய மக்கு உரம் இட்டேன், கரியை மீண்டும் இடவில்லை. இனி மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் உயர்ந்து காட்டினாலும், நான் இட்ட கரியின் ஒரு பகுதியும் அந்த எண்ணுக்குள் சேர்ந்துவிடும் என்பதால், மண்ணே புதிதாகச் சேர்த்துக்கொண்ட கரிமமாக அதை எழுதிக்கொள்ள மாட்டேன்.